மூன்றாம் பந்தயமும் நான்காம் பந்தயமும்: ஒரு சொல் விளக்கம்

போக்கர் ஆட்டத்தைத் தமிழில் விளக்க முற்படுகிறவர்கள் முதலில் இடறும் சொற்களுள் ஒன்று ‘த்ரீ-பெட்’ என்பதாகும். ‘மும்மடங்குப் பந்தயம்’ என்று அதைப் பெயர்ப்போர் உண்டு. ‘மூன்றாவது ஏற்றம்’ என்று எழுதுவோரும் உண்டு. இரண்டும் தவறு. ஆனால் முதல் தவறுக்குள் அந்தச் சொல்லின் வரலாறே ஒளிந்திருப்பதால், அதைச் சற்று விரித்துப் பார்ப்பது நல்லது.

டெக்சாஸ் ஹோல்டம் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் தனியே தரப்படுகின்றன. மேசை நடுவே மூன்று பொதுச்சீட்டுகள் திறக்கப்படும் கட்டத்துக்கு ஃபிளாப் என்று பெயர். அதற்கு முன்பே ஒரு சுற்றுப் பந்தயம் நடந்துவிடும். அந்தச் சுற்றில் சீட்டைப் பார்ப்பதற்கு முன்னதாகவே இருவர் கட்டாயமாகத் தொகை வைக்க வேண்டும். அவற்றுள் பெரியதான பிக் பிளைண்ட் முதல் பந்தயமாகக் கணக்கில் கொள்ளப்படுகிறது. அதை முதலில் உயர்த்துகிறவர் வைப்பது இரண்டாம் பந்தயம், அவருக்கு மேல் மற்றொருவர் உயர்த்துவது மூன்றாம் பந்தயம், அதற்கும் மேல் உயர்த்துவது நான்காம் பந்தயம். எனவே ‘த்ரீ-பெட்’ என்பது எண்ணிக்கையில் இரண்டாவது ஏற்றமே ஆகும். பிளைண்டைப் பந்தயமாக எண்ண மறந்தவர்களே அதை மூன்றாவது ஏற்றம் என்கிறார்கள்.

இந்தச் சொல் பிறந்தது லிமிட் ஆட்டத்தில். அந்த வகை ஆட்டத்தில் ஒவ்வொரு ஏற்றத்தின் அளவும் விதியால் நிலைநிறுத்தப்பட்டிருக்கும். பிக் பிளைண்ட் 4 அலகு என்றால், முதல் ஏற்றம் அதை 8 ஆக்கும், அடுத்த ஏற்றம் 12 ஆக்கும், அதற்கடுத்தது 16 ஆக்கும். பெரும்பாலான இடங்களில் அத்தோடு எல்லை கட்டிவிடுவார்கள். அங்கே மூன்றாம் பந்தயம் என்பது வரிசையில் மூன்றாவது, தொகையிலும் சரியாக மூன்று பந்தயங்கள். எண்ணிக்கையும் அளவும் ஒன்றாகவே நடந்த காலத்தில் இரண்டையும் ஒரே சொல் சுமந்ததில் குழப்பம் எழவில்லை. விரும்பிய அளவு உயர்த்தலாம் என்னும் நோ-லிமிட் ஆட்டம் பரவியபோது, அளவு கழன்று வரிசை மட்டும் சொல்லில் தங்கிவிட்டது. ஆகவே தமிழில் வரிசையைச் சுட்டும் ‘ஆம்’ ஈற்றோடு ‘மூன்றாம் பந்தயம்’, ‘நான்காம் பந்தயம்’ என்று எழுதுவதே பொருந்தும். ‘பணயம்’ என்ற சொல்லையும் சிலர் பரிந்துரைப்பார்கள். அது வைக்கப்படும் பொருளைக் குறிப்பது. இங்கே நாம் பெயரிடுவது வைக்கும் செயலை என்பதால் பந்தயமே மேல்.

அடுத்த சொல் ‘ரேஞ்ச்’. நம் பள்ளிப் பாடநூல்களில் இதற்கு இரண்டு தமிழாக்கங்கள் உள்ளன. புள்ளியியலில் மிகப்பெரிய மதிப்புக்கும் மிகச்சிறிய மதிப்புக்கும் உள்ள வேறுபாடு ‘வீச்சு’ எனப்படும்; சார்புகளைப் பற்றிய பாடத்தில், கிடைக்கும் மதிப்புகள் எல்லாம் அடங்கிய கணம் ‘வீச்சகம்’ எனப்படும். போக்கரில் ரேஞ்ச் என்பது ஓர் ஆட்டக்காரர் ஒரு குறிப்பிட்ட செயலைச் செய்யும்போது அவர் கையில் இருக்கக்கூடிய எல்லாச் சீட்டு இணைகளின் தொகுப்பு. அதன் நடுவே இடைவெளிகள் இருக்கலாம் என்பதால், இரு முனைகளுக்கு இடையிலான தொலைவைக் காட்டும் வீச்சைவிட, கணத்தைக் காட்டும் வீச்சகமே சரியான சொல். இந்த இடைவெளி என்பதுதான் நம் பொருளின் மையம். பின்னால் அதற்குத் திரும்புவோம்.

‘பிளஃப்’ டச்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்குச் சென்ற சொல். தற்பெருமை பேசுவது என்பது அங்கே அதன் பொருள். அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் போக்கர் ஆட்டத்துக்கே ‘பிளஃப்’ என்ற பெயரும் வழங்கியது. பேச்சுத் தமிழின் ‘உதார்’ அந்த மூலப்பொருளுக்கு வியக்கத்தக்க அளவு நெருக்கமானது என்றாலும், எழுத்துநடைக்குப் ‘பாசாங்கு’ இணக்கமாக இருப்பதால் அதையே இங்கே ஆள்கிறேன். எதிராளி அதே தொகையை வைத்து ஈடு கொடுக்க வேண்டும் என்று விரும்பி உயர்த்தப்படும் வலுவான கையை ‘மதிப்புக் கை’ என்றும், அவர் சீட்டைக் கைவிட்டு மடிக்க வேண்டும் என்று விரும்பி உயர்த்தப்படும் கையைப் ‘பாசாங்குக் கை’ என்றும் சொல்லலாம்.

இனி ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். பிக் பிளைண்டை 1 அலகு என்றும், சிறிய பிளைண்டை அரை அலகு என்றும், ஒவ்வொருவரிடமும் 100 அலகுகள் இருப்பதாகவும் கொள்வோம். ஃபிளாப்புக்குப் பின் கடைசியாகச் செயல்படும் இருக்கைக்குப் பட்டன் என்றும், அதற்கு முந்தைய இருக்கைக்குக் கட்ஆஃப் என்றும் பெயர். கட்ஆஃப் இரண்டரை அலகுக்கு உயர்த்துகிறார்; பட்டனில் இருப்பவர் 8 அலகுக்கு மூன்றாம் பந்தயம் வைக்கிறார். நடுவில் ஏற்கெனவே உள்ளது 4 அலகு. அதை வெல்ல அவர் 8 அலகை முன்வைப்பதால், கையில் எந்த வலுவும் இல்லாத நிலையில் இந்தச் செயல் நட்டமின்றி முடிய மூன்றில் இரண்டு தடவை எல்லோரும் மடித்தாக வேண்டும். திறமையான எதிராளி அவ்வளவு அடிக்கடி மடிப்பதில்லை. அவர் பாதித் தடவைதான் மடிக்கிறார் என்றால், மீதிப் பாதியில் பட்டன்காரர் தாம் வைத்த 8 அலகில் சராசரியாக 4 அலகையாவது பின்னர் வரும் சுற்றுகளின் வழியே மீட்டெடுக்க வேண்டும். இதனால்தான் பாசாங்குக் கையாக எந்தச் சீட்டையும் எடுத்துவிட முடிவதில்லை. அகப்பட்டபின்னும் ஓரளவு உயிர் உள்ள சீட்டு தேவைப்படுகிறது.

அதே வேளையில் அது நல்ல கையாகவும் இருக்கக் கூடாது. கட்ஆஃபின் ஏற்றத்துக்கு ஈடு மட்டும் கொடுத்து ஆடினாலே லாபம் தரும் கையை, எடுத்துக்காட்டாக ஒரே சின்னத்து ஏஸ்-ஜாக்கை, பாசாங்காக உயர்த்தி நான்காம் பந்தயம் வந்ததும் மடிப்பது கைப்பொருளை வீணாக்குவதாகும். எனவே வீச்சகத்தின் உச்சியில் மதிப்புக் கைகள் நிற்கின்றன. நடுவில் உள்ள நல்ல கைகள் ஈடு கொடுப்பதற்காக விலக்கி வைக்கப்படுகின்றன. ஈடு கொடுக்கச் சற்றே தகுதி குறைந்த கைகள் பாசாங்காகச் சேர்கின்றன. மேலே சொன்ன இடைவெளி இதுதான். இவ்வாறு நடுவே வெற்றிடம் விட்டு இரு பக்கமும் நிற்பதை ‘இருமுனை வீச்சகம்’ எனலாம்.

இந்த இடத்துக்கு ஒரே சின்னத்து ஏஸ்-ஐந்து ஏன் அடிக்கடி பரிந்துரைக்கப்படுகிறது என்பதை எண்ணிப் பார்த்தே அறியலாம். 52 சீட்டில் ஏஸ் ஜோடி அமையும் வழிகள் 6. ஏஸ்-கிங் அமையும் வழிகள் 16. கட்ஆஃப் ஏஸ், கிங், குயின் ஜோடிகளோடும் ஏஸ்-கிங்கோடும் மதிப்புக்காக நான்காம் பந்தயம் வைப்பார் என்றால் அவை மொத்தம் 34 வழிகள். பட்டன்காரர் கையில் ஓர் ஏஸ் இருந்தால் ஏஸ் ஜோடி 3 வழிகளாகவும் ஏஸ்-கிங் 12 வழிகளாகவும் சுருங்கி, மொத்தம் 27 ஆகிவிடுகிறது. கையில் ஏழு-ஆறு இருந்தால் அந்த 34 அப்படியே இருக்கும். இப்படி எதிராளியின் வலுவான கைகளைக் குறைக்கும் சீட்டை ‘தடைச்சீட்டு’ என்று அழைக்கலாம். இதன் பயனை மிகைப்படுத்துவாரும் உண்டு. அதே ஏஸ், எதிராளி மடிக்கக்கூடிய பலவீனமான ஏஸ் கைகளையும் குறைத்துவிடுவதால், நிகர ஆதாயம் சிறியதே. ஆனால் ஏஸ்-ஐந்துக்கு அது மட்டும் துணையன்று. இரண்டு, மூன்று, நான்கோடு சேர்ந்து வரிசை அமைக்கும், அதே சின்னம் வந்தால் மிக உயர்ந்த ஃபிளஷையும் அமைக்கும்.

எண்ணுவதை விட்டுவிட்டுப் பெயர்களை மட்டும் பார்ப்பவர்கள் தவறுவது பெரும்பாலும் கலவையின் அளவில்தான். பட்டன்காரர் ஏஸ் முதல் ஜாக் வரையிலான நான்கு ஜோடிகளையும் ஏஸ்-கிங்கையும் மதிப்புக் கைகளாகக் கொண்டால், அவை 24 உடன் 16 சேர்ந்து 40 வழிகள். ஒரே சின்னத்து இணை ஒவ்வொன்றும் 4 வழிகளே என்பதால், அத்தகைய ஐந்து இணைகளைப் பாசாங்காகச் சேர்த்தால் 20 வழிகள் ஆகின்றன. இரண்டு மதிப்புக்கு ஒரு பாசாங்கு. அதே ஐந்து இணைகளை வெவ்வேறு சின்னங்களிலும் ஆடத் தொடங்கினால், ஒவ்வொன்றும் 12 வழிகள் கூடி, பாசாங்கு 80 ஆகப் பெருகி மதிப்பை இரு மடங்காக மிஞ்சிவிடும். தாளில் ஐந்து பெயர்கள்தான் தெரியும். மேசையிலோ எதிராளி ஓயாமல் நான்காம் பந்தயம் வைத்து விரட்டத் தொடங்குவார். பாசாங்கில்லாத திசையில் பிழை செய்பவர்களுக்கும் அடையாளம் உண்டு: அவர்கள் மூன்றாம் பந்தயம் வைத்ததும் மேசை அமைதியாக மடிந்துவிடும், ஏஸ் ஜோடி நடுவிலுள்ள சில்லறையை மட்டுமே ஈட்டும்.

நான்காம் பந்தயத்திலும் தர்க்கம் இதுவே, அளவுகள் மட்டும் இறுகுகின்றன. கட்ஆஃப் தம் இரண்டரையை 20 அலகாக உயர்த்துகிறார் என்போம். கூடுதலாக வைப்பது பதினேழரை. நடுவில் கிடப்பது 12. ஆகவே நூற்றுக்கு 59 தடவை மடிப்பு கிடைத்தால் பாசாங்கு தன்னளவிலேயே ஈடேறும். பட்டன்காரர் எல்லா அலகுகளையும் முன்தள்ளினால், கட்ஆஃப் மேலும் 80 வைத்து, மொத்தம் இருநூறுக்குச் சற்றே கூடிய தொகைக்குப் போட்டியிட வேண்டும். அதற்கு நூற்றுக்கு 40 வெற்றி வாய்ப்பு வேண்டும். ஒரே சின்னத்து ஏஸ்-ஐந்துக்குக் கிங் ஜோடியை எதிர்த்து ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வாய்ப்பே உள்ளதால், அது வருத்தமின்றி மடிக்கத் தக்கது. எளிதாக மடிக்க முடிவதே அதை நல்ல பாசாங்குக் கையாக்குகிறது. ஏஸ்-குயினை இங்கே பாசாங்காக்கினால் மடிக்கவும் மனம் வராது, ஈடு கொடுத்தாலும் பெரும்பாலும் பின்தங்கியே இருக்கும்.

இந்தக் கலவை எங்கும் பொருந்தும் வாய்பாடு அன்று. மூன்றாம் பந்தயத்துக்கு மடிக்கவே மாட்டேன் என்று ஈடு கொடுக்கும் எதிராளியிடம் பாசாங்குக்கு இடமில்லை. அங்கே நடுவிலுள்ள நல்ல கைகளை விலக்காமல், உச்சியிலிருந்து கீழ்நோக்கி இடைவெளியின்றி உயர்த்த வேண்டும். அதற்கு ‘தொடர் வீச்சகம்’ என்ற பெயர் பொருந்தும். சிறிய பிளைண்டில் அமர்ந்திருப்பவரும் இதையே நாடுகிறார், ஆனால் வேறொரு காரணத்தால்: அவர் ஃபிளாப்புக்குப் பின் முதலில் செயல்பட வேண்டியவர், பிக் பிளைண்ட்காரர் வேறு இன்னும் பின்னால் காத்திருக்கிறார். ஆகவே ஈடு மட்டும் கொடுப்பது அவருக்குக் கட்டுபடியாவது அரிது. ஈடு கொடுப்பதற்கென்று விலக்கி வைக்கும் நடுக்கைகள் இல்லாதபோது இடைவெளியும் தானாகவே மறைந்துவிடுகிறது.