62 பேரை வச்சு ஸ்டடி பண்ணுனா அத அப்ஸ்ட்ராக்ட்லயே சொல்லிருங்க கண்ணுங்களா

இந்த மாசம் மட்டும் இது நாலாவதுங்க. நைட் பதினொன்னே முக்காலுக்கு வாட்ஸ்அப்ல ஒரு வேர்ட் ஃபைல் வருது, கீழ "மேடம், நாளைக்கு கான்ஃபரன்ஸ் அப்ஸ்ட்ராக்டுக்கு கடைசி நாளுங், கொஞ்சம் பாத்து குடுத்தீங்கன்னா போதுமுங்". நான் மெடிக்கல் காலேஜ்ல புள்ளிவிவரம் பாக்கற ஆளு, பசங்க தீசிஸ் எல்லாம் எங்கிட்டதான் வந்து நிக்கும். முதல் மூணுக்கும் பொறுமையா போன்ல சொல்லிட்டேன். இனி சொல்றதுக்குத் தொண்டைல தெம்பு இல்ல, அதனால எழுதியே வச்சிடறேன்.

இந்தப் புள்ள பண்ணுன ஸ்டடி நல்ல ஸ்டடிங்க, அத முதல்ல சொல்லிடறேன். சோமனூர் பக்கம் விசைத்தறி ஓட்டறவங்களுக்குக் காது எப்படி இருக்குன்னு டெஸ்ட் பண்ணிப் பாத்திருக்கு. தறி ஷெட்டுக்குள்ள ஒரு தடவ போய் நின்னிருந்தா தெரியும், பக்கத்துல இருக்கறவன் கத்துனாலும் வாயசைப்பப் பாத்துதான் புரிஞ்சுக்கணும். ஷிஃப்ட் முடிஞ்ச சூட்டோட டெஸ்ட் பண்ணுனா காது தற்காலிகமா மந்தமா இருக்கும்னு தெரிஞ்சு, சத்தத்த விட்டு 14 மணி நேரம் தள்ளி, லீவு நாள் காலைல வரச்சொல்லி எடுத்திருக்கு. ஆனா அந்த 14 மணி நேரம் அப்ஸ்ட்ராக்ட்ல எங்கயும் இல்ல! அதுக்குப் பதிலா பின்னணின்னு போட்டு, உலக அளவுல காது கேளாமை எவ்வளவு பெரிய பிரச்சினைன்னு ஏழு வரி. (ஆளு தெரியக்கூடாதுன்னு கீழ நம்பரையெல்லாம் மாத்திட்டேன், தப்பு மட்டும் அப்படியே இருக்கு.)

வந்த அப்ஸ்ட்ராக்டோட ரிசல்ட் பகுதி இதுதான்: "விசைத்தறித் தொழிலாளர்களில் 37.10% பேருக்குக் காது கேளாமை காணப்பட்டது. பத்தாண்டுக்கு மேல் வேலை செய்தவர்களுக்கு ஆபத்து 3.67 மடங்கு அதிகம், பி வேல்யூ 0.05க்குக் கீழ்." கன்க்ளூஷன்: "நீண்டகாலத் தறி வேலை காது கேளாமையை உண்டாக்குகிறது. பெரிய அளவில் ஆய்வு தேவை." அவ்வளவுதான். எத்தன பேர டெஸ்ட் பண்ணுச்சுன்னு முழு அப்ஸ்ட்ராக்ட்லயும் எங்கயுமே இல்லீங்க.

"ஏங்கண்ணு, எத்தன பேரு?"ன்னு கேட்டேன்.

"62 பேருங் மேடம். போட்டா சாம்பிள் சின்னதுன்னு தள்ளிருவாங்கன்னு சீனியர் சொன்னாருங்."

இந்த சீனியர் எந்த ஊரு காலேஜ்லயும் ஒருத்தர் இருக்காருங்க. எனக்கு வர்ற கோவத்துல பாதி அவர் மேலதான்.

சாம்பிள் சின்னதுங்கறது குத்தமே இல்ல. மறைக்கறதுதான் குத்தம், அதுவும் மறைச்சா தெரியாதுன்னு நெனைக்கறது இருக்கே, அதுதான் எனக்குத் தாங்காது. எங்கள மாதிரி ரிவ்யூ பண்றவங்க கண்ணுல நம்பர் இல்லாத சதவீதம் பட்டதும் முதல் வேலையா கால்குலேட்டரத்தான் எடுப்போம். 21.43%னு ஒருத்தர் எழுதுனா அது 28ல 6, இல்லீன்னா 14ல 3, இப்படி சின்னதாத்தான் இருக்கும்னு தோணிரும், ரெண்டு தசம இலக்கம் போட்டதே காட்டிக் குடுத்துரும். 62 பேர்ல ஒருத்தர் கூடுனாலோ குறைஞ்சாலோ சதவீதம் 1.6 நகருது, இதுல 37.10னு எழுதி என்ன துல்லியத்தக் காட்டப்போறோம்? மளிகைக்கடைத் தராசுல பொன்னு நிறுக்கற கதைதான். அப்பறம் நம்பர் போடாத அப்ஸ்ட்ராக்டப் பாத்தா ரிவ்யூவர் மனசுல "20 பேரோ என்னமோ"ன்னுதான் ஓடும், 62ன்னு போட்டிருந்தா "பரவால்ல"ன்னு நகர்ந்திருப்பாரு. மறைச்சதால சாம்பிள் இன்னும் சின்னதாத்தான் தெரியுது. புரியுதுங்களா?

இன்னொரு கூட்டம் இருக்கு, மறைக்காம நியாயப்படுத்தும். ஏற்கனவே வந்த ஆய்வுல 30% இருந்துச்சு, முன்ன பின்ன 10% பிழை ஏத்துக்கலாம்னு நம்ம பசங்க போடற 4pq/L² ஃபார்முலால போட்டா 84 பேரு வேணும். கெடச்சது 62. உடனே என்ன பண்ணுவாங்க தெரியுங்களா, ஃபார்முலாவத் திருப்பிப் போட்டு "ஏற்கத்தக்க பிழை 11.6%"ன்னு எழுதிருவாங்க. யாருங்க உக்காந்து 11.6னு யோசிச்சு முடிவு பண்ணுவாங்க? அந்த நம்பரப் பாத்தாலே எங்களுக்கு சிரிப்பு வந்துரும். 84 திட்டம் போட்டோம், 79 பேரக் கேட்டோம், 62 பேரு டெஸ்ட்டுக்கு வந்தாங்கன்னு ஒரே வரில எழுதுங்க, அதுல ஒரு கேவலமும் இல்ல. வராத 17 பேருல காது நல்லா இருக்கறவன் "எனக்கெதுக்கு"ன்னு வராம இருந்திருக்கலாம், அப்ப உங்க 37 நெசத்த விட அதிகம். படிக்கறவங்க அத யோசிக்கறதுக்காவது அந்த நம்பர் வேணுமில்ல.

இப்ப சின்ன சாம்பிள நேர்மையா எப்படிச் சொல்றதுன்னா, இடைவெளியோட சொல்றது, நம்பக இடைவெளின்னு படிச்சிருப்பீங்க. 62ல 23 பேரு, 37%, 95% இடைவெளி 26 முதல் 50 வரை (வில்சன் மெத்தட்ல போட்டது, சின்ன சாம்பிளுக்கு அதுதான் நல்லது). இந்த ஒரு வரியே "எங்க சாம்பிள் சின்னது"ங்கறத எந்த மன்னிப்பும் கேக்காம சொல்லிருது. நாலுல ஒருத்தரும் இருக்கலாம், ரெண்டுல ஒருத்தரும் இருக்கலாம், எப்படிப் பாத்தாலும் கண்டுக்காம விடற அளவு இல்ல. இது உருப்படியான செய்தி தானுங்களே. நெசத்துல இது ஒம்போது ஷெட்ல இருந்து வந்த ஆளுங்க, ஒரே ஷெட்காரங்களுக்கு ஒரே சத்தம், அதனால இடைவெளி இன்னும் கொஞ்சம் அகலமாத்தான் இருக்கும். அத பேப்பர்ல எழுதுங்க, அப்ஸ்ட்ராக்ட்ல "ஒம்போது ஷெட்"னு ஒரு வார்த்த போதும்.

அடுத்து அந்த 3.67. பத்து வருஷத்துக்கு மேல வேலை பாத்தவங்க 34 பேருல 17, அதுக்குக் கீழ 28 பேருல 6. காது கேக்காதவங்கள கேக்கறவங்களால வகுத்து ரெண்டு குரூப்பையும் ஒப்பிடற ஆட்ஸ் ரேஷியோவ சாஃப்ட்வேர் 3.67ன்னு துப்புது, புள்ள அத அப்படியே "ஆபத்து 3.67 மடங்கு"ன்னு எழுதிருச்சு. 50%க்கும் 21%க்கும் வித்தியாசம் 3.67 மடங்குங்களா? ரெண்டே கால் மடங்குக்குக் கொஞ்சம் மேல, 2.3. நோய் அபூர்வமா இருந்தா ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வரும், இங்க மூணுல ஒருத்தருக்கு மேல இருக்கு, அதனால ஆட்ஸ் ஊதிப்போச்சு. குறுக்குவெட்டு ஆய்வுல அந்த ரெண்டு சதவீதத்தையும் நேரா வகுத்து பரவல் விகிதத்தப் போடுங்க: 2.3, இடைவெளி 1.1 முதல் 5.1. இப்ப அந்த இடைவெளியப் பாருங்க, கிட்டத்தட்ட ஒன்னுமில்லங்கறதுல இருந்து அஞ்சு மடங்கு வரை! பி வேல்யூ 0.02ன்னு சந்தோசப்பட்டது எவ்வளவு மெலிசான கயித்து மேல நிக்குதுன்னு அப்பத்தான் தெரியும். "ஆபத்து"ங்கற வார்த்தையும் வேண்டாம், ஒரே நாள்ல பாத்ததுல புதுசா யாருக்கு வந்துச்சுன்னே தெரியாது.

"உண்டாக்குகிறது"ன்னு ஏன் எழுதக்கூடாதுன்னு புள்ள கேட்டுச்சு. நான் திருப்பிக் கேட்டேன், ரெண்டு குரூப்புக்கும் சராசரி வயசு என்ன? 33ம் 47ம். அட, வயசானாலே காது மந்தமாகுமே! அதோட காது போனவங்க பலபேரு தறிய விட்டுட்டு வேற வேலைக்குப் போயிருப்பாங்க, அவங்க உங்க 62லயே இல்ல. "அப்ப வயச சரி பண்ணிக் காட்டறேனுங்"னு லாஜிஸ்டிக்ல ஏழு காரணிய ஏத்திட்டு வந்துச்சு. காது கேக்காதவங்களே 23 பேருதான், பத்துப் பேருக்கு ஒரு காரணின்னு ஒரு குத்துமதிப்புக் கணக்கு இருக்கு, அதுல பாத்தா ரெண்டு காரணிக்கு மேல தாங்காது. வேலை வருஷமும் வயசும் ஒன்னோடொன்னு ஒட்டிக்கிட்டுப் போறதால 62 பேருல அத ரெண்டாப் பிரிக்கறது கஷ்டம். பிரிக்க முடியலன்னு எழுதுங்க, முடிஞ்சுது.

கடைசில ரெண்டு பேருமா உக்காந்து எழுதுனது, தமிழ்ல சொன்னா இப்படி:

நோக்கம்: விசைத்தறித் தொழிலாளர்களில் காது கேளாமையின் பரவலை மதிப்பிடுதல்.
முறை: குறுக்குவெட்டு ஆய்வு. சோமனூர் பகுதியின் ஒன்பது ஷெட்டுகளில் வசதிக்கேற்ப அணுகிய 79 பேரில் 62 பேர் பங்கேற்றனர் (திட்டமிட்டது 84). சத்தத்திலிருந்து 14 மணி நேரம் விலகியபின் ஆடியோமெட்ரி. நன்றாகக் கேட்கும் காதில் சராசரி 25 டெசிபெலுக்கு மேல் இருந்தால் காது கேளாமை.
ரிசல்ட்: 62ல் 23 பேர், 37% (95% இடைவெளி 26 முதல் 50). பத்தாண்டுக்கு மேல் 17/34, அதற்குக் கீழ் 6/28. பரவல் விகிதம் 2.3 (1.1 முதல் 5.1), வயதுக்குச் சரிசெய்யாதது.
கன்க்ளூஷன்: பரிசோதித்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கேட்புக் குறை இருந்தது. நீண்டகால வேலையுடனான தொடர்பை வயதிலிருந்து பிரித்தறிய இந்த ஆய்வால் இயலவில்லை.

பின்னணிக்கு ஒரே ஒரு வரி முன்னாடி ஒட்டிக்கலாம். 250 வார்த்தை லிமிட்ல இது தாராளமா அடங்கும், மிச்சமே இருக்கும். தலைப்புலயோ அப்ஸ்ட்ராக்ட்லயோ ஆய்வு வகையப் பேர் சொல்லிக் குறிப்பிடணும்னு ஆய்வுக் கட்டுரைல என்னென்ன இருக்கணும்னு 2007ல வந்த ஸ்ட்ரோப் லிஸ்ட்டோட முதல் ஐட்டமே சொல்லுது, எங்க காலேஜ்ல அந்த லிஸ்ட்ட பிரிண்ட் போட்டு செவுத்துல ஒட்டிருக்கு, யாரும் படிக்கறதில்ல.

"பெரிய அளவில் ஆய்வு தேவை"ங்கறத நான்தான் வெட்டுனேன். எல்லா அப்ஸ்ட்ராக்ட்லயும் இருக்குது அந்த வரி, எதுக்கும் உதவாது. எழுதியே ஆகணும்னா எந்த ஆய்வுன்னு எழுதுங்க: ஒரே வயசுல தறிக்குப் போகாதவங்களயும் சேத்து எடுத்து ஒப்பிடணும்னு. அது அடுத்த பேட்ச் பசங்களுக்காவது ஆகும்.

அப்பறம் ஒரு வேண்டுகோள். கணக்குப் போடற ஆளுகிட்ட அப்ஸ்ட்ராக்ட் எழுதுனப்பறம் வராதீங்க சாமி, ஷெட்டுக்குப் போறதுக்கு முன்னாடி வாங்க. வயசையும் தறியையும் பிரிக்க என்ன பண்ணலாம்னு அன்னைக்கே பேசிருந்தா, அதே 62 பேரையே வேற மாதிரி பொறுக்கி எடுத்திருக்கலாம். அப்படியும் அப்ஸ்ட்ராக்டோடதான் வருவேன்னா, நைட் எட்டு மணிக்குள்ளயாவது அனுப்புங்க.