பாட்டு இருக்கிறது, பட்டியலைக் காணோம்

சென்னை ரிச்சி தெருவுக்குப் பழைய பாடல்களோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் பாடல்களைத் தொலைத்தவர்கள் அல்லர். மெமரி கார்டில் பாடல்கள் அப்படியே இருக்கும். பல ஆண்டுகளாகச் சேர்த்த பிளேலிஸ்ட்தான் காலியாகியிருக்கும். கைப்பேசியை மாற்றும்போதோ, செயலி சரியாக இயங்கவில்லை என்று அதை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவும்போதோ இது நடக்கிறது.

காரணம் எளிது. செயலியில் நீங்கள் உருவாக்கும் பட்டியல் பாடல் கோப்புக்குள் பதிவதில்லை, அந்தச் செயலியின் சொந்தக் கிடங்கில்தான் இருக்கிறது. செயலியை நீக்கினால் கிடங்கும் போய்விடும். எனவே எதையும் நீக்குவதற்கு முன் பட்டியலை வெளியே எடுத்துவிடுங்கள். Musicolet, Poweramp போன்ற செயலிகளில் பட்டியலை .m3u அல்லது .m3u8 கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது. தமிழ்ப் பெயர்கள் இருந்தால் .m3u8 வடிவமே நல்லது, அது யூனிகோடு எழுத்துகளைக் காப்பாற்றும். பழைய .m3u கோப்புகள் சிலவற்றில் தமிழ்ப் பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாகிவிடும். அப்படி ஆனபின் அந்தக் கோப்பிலிருந்து பெயரை மீட்க வழியில்லை.

ஏற்றுமதி செய்தும் ஏமாந்தவர்கள் உண்டு. மந்தைவெளியிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். கார்டு பழுதாகத் தொடங்கியதும் எல்லாவற்றையும் புதிய கார்டுக்கு மாற்றியிருந்தார், பட்டியல் கோப்பும் பத்திரமாக இருந்தது. "பட்டியல் திறக்கிறது தம்பி, உள்ளே ஒரு பாட்டுகூட இல்லை" என்றார். அந்தக் கோப்பைச் சாதாரண நோட்பேடில் திறந்து காட்டினேன். ஒவ்வொரு வரியும் இப்படி இருந்தது:

```
/storage/3A1B-7C2D/Music/1962/பாடல்_04.mp3
```

நடுவில் உள்ள அந்த எண்தான் பழைய கார்டின் அடையாளம். புதிய கார்டின் அடையாளம் வேறு. அதே கார்டை ஃபார்மேட் செய்தாலும் அது மாறிவிடும். இப்போது இல்லாத பழைய கார்டில் செயலி பாடலைத் தேடி, கிடைக்காமல் வரியை விட்டுவிடுகிறது. பட்டியல் கோப்பை Music ஃபோல்டருக்குள்ளேயே வைத்து, நோட்பேடின் 'மாற்று' வசதியால் 1962-க்கு முன்னால் இருக்கும் பகுதியை எல்லா வரிகளிலும் ஒரே தடவையில் நீக்கினோம்:

```
1962/பாடல்_04.mp3
```

இனி பட்டியல் தான் இருக்கும் இடத்திலிருந்து பாடலைத் தேடும். ஃபோல்டரோடு எந்தக் கார்டுக்குப் போனாலும் வேலை செய்யும். எல்லாச் செயலிகளும் இந்தக் குறுகிய வழியைப் படிப்பதில்லை. ஐந்து பாடல்கள் உள்ள சிறு பட்டியலில் முதலில் சோதித்துப் பாருங்கள். விண்டோஸ் கணினியில் உருவாக்கிய பட்டியல் என்றால் சாய்கோடு \ என்று திரும்பியிருக்கும், அதை / ஆக்க வேண்டும்.

பாடல் வரிகளுக்கும் இதே அக்கறை தேவை. நேரக்குறியோடு கூடிய வரிகள் .lrc என்னும் எழுத்துக் கோப்பில் இருக்கும். பாடல் 'பாடல்_04.mp3' என்றால், வரிக்கோப்பு 'பாடல்_04.lrc' என்ற பெயரில் அதே ஃபோல்டரில் இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் பெரும்பாலான செயலிகள் கண்டுகொள்ளாது. UTF-8 வடிவில் சேமிக்காவிட்டால் தமிழ் சிதைந்து தெரியக்கூடும். கோப்புப் பெயரை மாற்றினால் வரியும் பட்டியலும் இரண்டுமே அறுந்துவிடும் என்பதால், பெயர் திருத்தும் வேலையை முதலில் முடித்துவிட்டுத்தான் மற்றவற்றைத் தொட வேண்டும் என்று வருகிறவர்களிடம் கண்டிப்பாகச் சொல்வேன்.

கேசட்டிலிருந்து மாற்றிய பாடல்களில் வேறொரு தொல்லை வரும். இணையத்தில் எடுத்த வரிகள் பாட்டோடு ஒட்டாது. தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே அளவு பின்தங்கினால் கவலையில்லை. பாட்டுக்கு முன் உள்ள மௌனத்தின் நீளம்தான் வேறுபடுகிறது. கோப்பின் மேலே [offset:] வரியைச் சேர்த்து மில்லிவிநாடியில் திருத்தலாம், சில செயலிகள் அதைப் படிப்பதில்லை என்றாலும். பல்லவியில் சரியாக இருந்து, கடைசிச் சரணத்தில் சில விநாடிகள் விலகினால், கேசட் பதிவான வேகமே தவறு. வேகம் 2 விழுக்காடு பிசகினால் நான்கு நிமிடப் பாட்டில் ஏறத்தாழ 5 விநாடி விலகும், சுருதியும் சற்றே ஏறியோ இறங்கியோ இருக்கும். இதற்கு offset உதவாது. முதலில் பதிவு செய்த WAV கோப்பு கையில் இருந்தால், ஆடாசிட்டி மென்பொருளில் வேகத்தைத் திருத்தி, பழைய பெயரிலேயே மீண்டும் எம்பி3 ஆக்குங்கள். வரிகள் பொருந்திவிடும், சுருதியும் நேராகும். WAV இல்லையென்றால் எம்பி3யை மறுபடி எம்பி3 ஆக்குவதைவிட, .lrc நேரங்களை கேட்டுக் கேட்டு மாற்றுவதே ஒலியைக் கெடுக்காத வழி.