ஸ்பிளிட் டெஸ்ட்: எதைப் பிரிக்கிறோம்?

திங்கட்கிழமை ஒரு முதல் வரியோடும் செவ்வாய்க்கிழமை வேறு வரியோடும் சமூக ஊடகத்தில் பதிவைப் போட்டுவிட்டு, "ஸ்பிளிட் டெஸ்ட் செய்துவிட்டோம்" என்று சொல்வது பினாங்குக் கடைக்காரர்களிடையே சகஜம். அது வெறும் ஒப்பீடுதான். ஸ்பிளிட் டெஸ்டில் பிரிக்கப்படுவது பதிவல்ல, பார்க்கிற ஆட்கள்: ஒரு குழுவுக்கு ஒரு வடிவம், மற்றதற்கு இன்னொன்று.

சொல் அச்சுக்கூடத்திலிருந்து வந்தது. அமெரிக்க நாளிதழ்களில் ஒரே நாளில், ஒரே பக்கத்தில், ஒரே இடத்தில் ஒரு விளம்பரத்தின் இரண்டு வடிவங்களை அடுத்தடுத்த பிரதிகளில் மாற்றி மாற்றி அச்சிட்டார்கள். அதற்கு ஸ்பிளிட் ரன் என்று பெயர். கூப்பனில் வடிவத்துக்கு ஒரு குறியீடு இருக்கும். எந்தக் குறியீடு அதிகம் திரும்பி வந்தது என்று எண்ணிவிட்டால் போதும். எந்தப் பிரதி யார் கைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது என்பதால்தான் அந்தக் கணக்கை நம்ப முடிந்தது.

தமிழில் 'பிளவுச் சோதனை' என்றால் சுவரில் விரிசல் பார்ப்பதுபோல் இருக்கிறது. 'இருகுழுச் சோதனை' என்பது என் தேர்வு. ஆளை இழுக்கும் முதல் வரியான ஹூக் என்பதற்குத் 'தூண்டில் வரி' பொருந்தும்.

லெபோ பாசாரில் ஒரு புடவைக் கடை, தீபாவளி விளம்பரத்துக்கு இரண்டு தூண்டில் வரிகளைச் சோதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று விலையைச் சொல்கிறது, மற்றது கேள்வி கேட்கிறது. படம், நேரம், செலவு எல்லாம் ஒன்றே. மெட்டாவின் விளம்பரப் பகுதியில் ஏ/பி டெஸ்ட் என்ற பெயரில் உள்ள இதே சோதனை வசதி, ஒருவருக்கு ஒரு வடிவம் மட்டுமே போகும்படி ஆட்களைப் பிரித்துவிடும். குழுவுக்கு 1,000 பேர். விலை வரிக்கு 40 பேர், கேள்வி வரிக்கு 52 பேர் வாட்ஸ்அப்பில் விசாரித்தார்கள். கேள்வி வரி ஜெயித்ததா? இன்னும் சொல்ல முடியாது. மொத்தம் 92, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 9.6, இரண்டு மடங்கு 19. வித்தியாசமோ 12தான். அது 19ஐத் தாண்டாதவரை தற்செயலாகவும் இருக்கலாம். குழுவுக்கு 5,000 பேர் பார்த்து 200க்கு 260 என்று வந்திருந்தால் கதை வேறு: வேண்டியது 43, கிடைத்தது 60. இந்தக் குறுக்குக் கணக்கு இரு குழுவும் சம அளவாக இருந்தால்தான் சரி. எத்தனை பேர் வேண்டும் என்று முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். தினமும் எட்டிப் பார்த்து, ஒன்று முந்தியதும் நிறுத்தினால் பொய் வெற்றி கிடைக்கும் வாய்ப்பு கூடும்.

பதிவு வடிவத்துக்கும் இதே முறைதான், ஒருமுறைக்கு ஒரு மாற்றம். ஆனால் காசு கட்டாத பதிவில் ஆட்களைப் பிரிக்கும் வசதி பெரும்பாலும் இல்லை. பதிவு நேரத்தைச் சோதிக்க நாட்களைத்தான் பிரிக்க வேண்டும். திங்கள், புதன், வெள்ளி என நான்கு வாரத்துக்கு 12 நாள். மதியம் 1 மணியா இரவு 9 மணியா என்று ஆறு ஆறாகச் சீட்டுக் குலுக்கி ஒதுக்குங்கள். தைப்பூச வாரத்தைத் தொடாதீர்கள், ஊரே தண்ணீர்மலையில் இருக்கும். ஆறில் ஒரு பதிவு எக்கச்சக்கமாகப் பரவிவிட்டால் சராசரி கெட்டுவிடும். ஒவ்வொரு நேரத்தின் ஆறு எண்களையும் வரிசைப்படுத்தி, நடுவில் உள்ள இரண்டின் சராசரியை மட்டும் மற்ற நேரத்தினுடையதோடு ஒப்பிடுங்கள். 12 பதிவில் பெரிய வித்தியாசம் மட்டுமே தெரியும். கொஞ்சம் கூடக்குறைய இருந்தால், உங்களுக்கு வசதியான நேரத்திலேயே போடலாம்.