நுரை நிற்காத காபி

சிறிய மெஸ்களில் காபி போடுபவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஒரு மெஸ்ஸில் முதலாளி புலம்பினார்: "காபி ஆறிப்போய் வருதுன்னு சொல்றாங்க சார், நுரையும் நிக்க மாட்டேங்குது."

மாஸ்டரைப் போடச் சொல்லிப் பார்த்தேன். ஒரு சொட்டு சிந்தாமல் அழகாகத்தான் ஆற்றினார். கோளாறு கையில் இல்லை, டிகாக்ஷனில். அதே பொடியில் இரண்டாவது தடவை வெந்நீர் ஊற்றி இறக்கிய டிகாக்ஷன் அது. நிறம் வர வேண்டுமே என்று 150 மில்லி டம்ளருக்கு 60 மில்லி ஊற்றிக்கொண்டிருந்தார். பாலுக்கு மிஞ்சிய இடம் 90 மில்லிதான்.

முதல் டிகாக்ஷன் கெட்டியாக இருந்தால் 30 மில்லி போதும், 120 மில்லி பால் சேர்க்கலாம். அதாவது ஒரு பங்குக்கு நாலு பங்கு. கொஞ்சம் ஸ்ட்ராங்காகக் குடிப்பவர்களுக்கு மூன்று பங்கு.

சூட்டையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். டிகாக்ஷன் 30 டிகிரியில் இருக்கிறது, பால் 90 டிகிரி. ஒன்றுக்கு நாலு கலந்தால் 78 டிகிரி வரும். மாஸ்டரின் கலவையில் 66தான். அதை ஆற்றினால் வெதுவெதுப்பாகாமல் என்ன செய்யும்?

ஆற்றும்போது சூடு எங்கே போகிறது? உயரத்திலிருந்து மெல்லிய தாரையாக விழும் காபிக்குக் காற்று படும் பரப்பு பல மடங்கு கூடுகிறது. நீர் ஆவியாகிறது, ஆவியாகும் நீர் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு டம்ளர் காபி 15 டிகிரி இறங்க, ஒரு டீஸ்பூனுக்கும் குறைவான நீர் ஆவியானாலே போதும். அகன்ற டபராவின் உலோகமும் தன் பங்குக்குக் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும். 78-இல் ஆரம்பித்தால் நாலைந்து ஆற்றலில் 60-ஐ ஒட்டி வந்துவிடும். ஆற்றாமல் அப்படியே குடிப்பதை நான் தடுப்பேன். 65 டிகிரிக்கு மேலான பானங்களைத் தொடர்ந்து குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் சொல்லியிருக்கிறது.

நுரைக்குக் காரணமும் அதே தாரைதான். விழுகிற வேகத்தில் காற்றை உள்ளே இழுத்துப் போகிறது. ஆனால் குமிழி உடையாமல் இருக்க, அதைச் சுற்றிப் பாலின் புரதம் படலமாகப் படிய வேண்டும். வெந்நீரை எத்தனை முறை ஆற்றினாலும் நுரை நிற்காதது இதனால்தான். 90 மில்லி பாலில் 60 மில்லி தண்ணி டிகாக்ஷன் சேர்ந்தால் புரதம் நீர்த்துப்போகிறது. பாலிலேயே தண்ணீர் கலந்திருந்தாலும் இதே கதைதான்.

பொடியைக் கூட்டி, வெந்நீரைக் குறைத்து, முதல் டிகாக்ஷனை மட்டும் வைத்து ஒரு டம்ளர் போட்டோம். அதே மாஸ்டர், அதே நாலு ஆற்றல். முதலாளி குடித்து முடிக்கும் வரை டம்ளர் ஓரத்தில் நுரை ஒட்டிக்கொண்டிருந்தது. "பொடி செலவு ஏறுமே சார்" என்றார், உதட்டைத் துடைத்துக்கொண்டே.