மனசு வந்தால் செய்கிறேன் என்பவர்களுக்கு

வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், அம்மா இறந்தபிறகு மெஷினைத் தொடவே இல்லை. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வாடிக்கையாளர்கள் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. "மனசு வந்தா தைச்சிடுவேன் மேடம்" என்றார்.

மனச்சோர்வில் அந்த மனசு தானாக வருவது அரிது. வேலையைத் தள்ளிப்போட்டால் அந்த நேரத்துக்கு நிம்மதி. ஆனால் முடித்த திருப்தி, நாலு பேரிடம் பேசுவது, கையில் வரும் காசு எல்லாம் நின்றுபோகின்றன. சோர்வு இன்னும் கூடுகிறது. அதனால் 'பிஹேவியரல் ஆக்டிவேஷன்' முறையில் செயலை முதலில் வைக்கிறோம், மனநிலை பின்னால் வரட்டும் என்று. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவப் பின்னணி இல்லாத ஆலோசகர்கள் இதைச் செய்தே நல்ல பலன் கிடைத்ததாக 2017இல் லான்செட் மருத்துவ இதழில் ஆய்வு வந்தது.

முதல் வாரம் எதையும் மாற்றச் சொல்லவில்லை. என்ன செய்தார், மனநிலைக்கு பத்துக்கு எவ்வளவு என்று மணிக்கு மணி ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். இரவில் மொத்தமாக எழுதினால் நாள் முழுக்க மோசம் என்றுதான் தோன்றும், அதனால் அப்போதைக்கப்போதே எழுத வேண்டும். படுத்தபடி போன் பார்த்த நேரமெல்லாம் 1 அல்லது 2. ரேஷன் கடை வரிசையில் பக்கத்து வீட்டு அக்காவோடு நின்ற மாலை மட்டும் 4.

அந்த 4தான் எங்களுக்குப் பிடிமானம்: படுக்கையை விட்டு எழுந்து ஏதாவது செய்தால் மனநிலை கொஞ்சம் ஏறுகிறது. தினமும் மாலை நாலு மணிக்கு, ஒரு பிளவுஸுக்குக் கொக்கி வைப்பது என்று முடிவு செய்தோம். பத்து நிமிடம் மட்டும். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் செய்ய வேண்டும், அலாரம் அடித்ததும் நிறுத்த வேண்டும். முதல் சில நாள் மதிப்பெண் அசையவில்லை. அது வழக்கம்தான். அந்த நாட்களில், செய்தாரா என்பதை மட்டுமே பார்க்கிறோம்.

இரண்டாம் வாரம் ஒரு நாள் கொஞ்சம் தெம்பு வந்ததும் ஐந்து பிளவுஸை ஒரே மூச்சில் வெட்டித் தைத்தார். அடுத்த மூன்று நாள் எழவில்லை. நல்ல நாளில் அளவு மீறுவது இங்கே அடிக்கடி நடக்கும் சறுக்கல். அதனால் எவ்வளவு தெம்பு இருந்தாலும் அரை மணிக்கு மேல் கூடாது என்று உச்சவரம்பும் வைத்தோம். அப்புறம், கை தைக்கும்போது மனசு அம்மாவின் ஆஸ்பத்திரி நாட்களுக்கே ஓடியது. ஊசி துணியில் இறங்குவதை, நூலின் இழுப்பைக் கவனிக்கப் பழகினார். நான்காம் வாரம் ஒரு வாடிக்கையாளரின் போனை எடுத்துப் பேசினார். அன்று மாலை நோட்டில் 5 இருந்தது.

எல்லோருக்கும் இது மட்டும் போதாது. தைராய்டு குறைவு, ரத்தசோகை இரண்டிலும் இதே அசதி வரும், முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தில் பல நாள் இருந்திருந்தால், மனநல மருத்துவரிடம் அதைச் சொன்னபிறகே இதைத் தொடங்குங்கள். சாப்பிடவும் எழ முடியாத நிலையில் மருந்தும் தேவைப்படலாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் நோட்டை ஓரம் வைத்துவிட்டு, வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.