நியூட்ரல் அறுந்தால் டிவி எரிவது ஏன்?

தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் 210 மெகாவாட் ஜெனரேட்டர் ஒன்றில் மின்சாரம் 15.75 கிலோவோல்ட்டில் பிறக்கிறது. அந்த அழுத்தத்திலேயே முழு மின்திறனையும் அனுப்பினால், ஒவ்வொரு பேஸ் கம்பியிலும் சுமார் 7,700 ஆம்பியர் ஓடும். டிரான்ஸ்பார்மர் மூலம் 230 கிலோவோல்ட்டாக உயர்த்தும்போது அது ஏறத்தாழ 530 ஆம்பியராகக் குறைகிறது. கம்பி சூடாகி வீணாகும் மின்சாரம் ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், அதே கம்பியில் இழப்பு 200-இல் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். பிறகு துணை மின் நிலையங்களில் 110, 11 கிலோவோல்ட் எனப் படிப்படியாக இறங்கி, நம் தெருமுனை டிரான்ஸ்பார்மரில் 433 வோல்ட்டாகிறது.

நான் பேச விரும்புவது இந்தக் கடைசிப் படியைப் பற்றித்தான். தெரு டிரான்ஸ்பார்மரிலிருந்து மூன்று பேஸ் கம்பிகளும், மின்சாரம் திரும்பிச் செல்லும் ஒரு நியூட்ரல் கம்பியும் வெளிவருகின்றன. அந்த 433 வோல்ட் சுமை ஏறும்போது சற்றுக் குறைவதால், வீடுகளில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே சுமார் 230 வோல்ட்டும், இரண்டு பேஸ்களுக்கு இடையே சுமார் 400 வோல்ட்டும் இருக்கும். வீட்டுக்கு 230 என்ற அளவு நிலையாகக் கிடைப்பது நியூட்ரல் உறுதியாக இருக்கும்வரைதான்.

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், ஒரு மாலை நேரம், ஒரு வீட்டில் டிவி புகைந்துவிட்டது என்று அழைத்தார்கள். அந்த வீட்டில் 330 வோல்ட் காட்டிய என் மீட்டர், எதிர்வீட்டில் 80 மட்டுமே காட்டியது. அங்கே பல்பு மங்கலாக எரிய, மின்விசிறி முனகிக்கொண்டிருந்தது. இரண்டையும் கூட்டினால் 410 என்றதும் காரணம் புரிந்துவிட்டது. அந்தக் கடைசித் தெருவுக்கு இரண்டு பேஸும் ஒரு நியூட்ரலும் மட்டுமே சென்றன. கம்பத்தில் கம்பிகளை இணைக்கும் தாமிர ஜம்பரை அலுமினியக் கம்பியோடு நேரடியாக முறுக்கியிருந்த இடம் வெள்ளைப் பொடியாக அரித்து, நியூட்ரல் விட்டுப்போயிருந்தது. அதனால் வெவ்வேறு பேஸில் இருந்த வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டதுபோல் 400 வோல்ட்டைப் பங்கிட்டுக்கொண்டன. இந்தப் பங்கீட்டில், குறைவாக மின்சாரம் எடுக்கும் வீட்டுக்குத்தான் கூடுதல் வோல்ட் போகும். 1,000 வாட் ஹீட்டர் ஓடும் வீட்டோடு 100 வாட் டிவி மட்டும் ஓடும் வீடு இப்படி மாட்டிக்கொண்டால், டிவிக்கு 360 வோல்ட்டுக்கு மேல் போய்ச்சேரும்.

ஆம்பியர் அளவு மீறாதவரை எம்.சி.பி.யும் விழாது, இதை உணர்ந்து துண்டிக்கக்கூடியது வோல்ட் அளவைக் கண்காணிக்கும் பாதுகாப்புக் கருவிதான். அது இல்லாத வீடுகளில் கண்தான் காவல். ஒரு வீட்டில் பல்பு பளீரென்று எரிய, பக்கத்து வீட்டில் மங்கினாலோ, பக்கத்து வீட்டு மோட்டார் ஓடும்போது உங்கள் வெளிச்சம் கூடினாலோ, உடனே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு 94987 94987 என்ற மின்வாரியத்தின் மின்னகம் புகார் எண்ணில் சொல்லுங்கள். அறுந்த நியூட்ரலின் வீட்டுப் பக்க முனையிலும் உயிரைப் பறிக்கும் வோல்ட் இருக்கலாம் என்பதால், கம்பத்தருகே யாரையும் விடாதீர்கள்.

லைன்மேன் வந்து மின்சாரத்தை நிறுத்தி, இரு உலோகங்களுக்கும் ஏற்ற இணைப்பானைப் போட்டு ஜம்பரைப் புதுப்பித்தார். அதன்பின் அந்த இரண்டு வீடுகளிலும் 228, 231 என மீட்டர் காட்டியது.