நாற்காலிக்கு அல்ல, ஆளுக்குக் காற்று

காற்றோட்டச் செலவைக் குறைக்கச் சொன்னால், பலரும் முதலில் கை வைப்பது ஆளுக்கு இத்தனை லிட்டர் வெளிக்காற்று என்ற அளவில்தான். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் வேறு.

ஓர் அலுவலகத் தளத்துக்கு, பயன் குறையாமல் செலவைக் குறைக்க நான் எழுதிய மதிப்புப் பொறியியல் குறிப்பைச் சொல்கிறேன். திறந்த ஹாலில் 100 மேசைகள். தலா 15 இருக்கையோடு நான்கு மீட்டிங் ரூம்கள். மொத்தம் 160 இருக்கை. ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் வீதம் 1600 லிட்டருக்கு வெளிக்காற்று யூனிட் போட்டிருந்தார்கள். ஆனால் மீட்டிங்கில் உட்காருகிறவர் தன் மேசையை விட்டு எழுந்து வந்தவர்தானே? ஒரே ஆளை இரண்டு தடவை எண்ணியிருக்கிறார்கள். ஊழியர்கள் 100 பேர், வெளியாட்கள் அதிகம் போனால் 20 பேர். ஆக 1200 லிட்டர் போதும்.

காற்றின் தரம்? உட்கார்ந்து வேலை செய்பவர் நொடிக்குச் சுமார் 0.005 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். 10 லிட்டர் காற்றில் அது 500 பிபிஎம். வெளியே இருக்கும் 420-ஐச் சேர்த்தால் 920. உரிமையாளர் கேட்ட 1000 பிபிஎம் வரம்புக்குள் நிற்கிறது, ஏனென்றால் ஆளுக்கான அளவு மாறவே இல்லை.

யூனிட் சிறிதாகிறது, ஆனால் ரூம்களுக்குப் போகும் டக்டைச் சிறிதாக்கக் கூடாது. ரூம் நிறைந்தால் அங்கே 150 லிட்டர் போயே ஆக வேண்டும். அதனால் ஒவ்வொரு ரூமுக்கும் ஹாலுக்கும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் மோட்டார் டேம்பரும் கார்பன் டை ஆக்சைடு சென்சாரும் கேட்டேன். கூடும் செலவு இதுதான். நான்கு ரூமும் நிறைந்தால் அங்கே 600, ஹாலில் மீதமுள்ள 60 பேருக்கு 600. ரூம் காலியானாலும் டேம்பர் முழுதாக மூடாது. கார்ப்பெட், பெயின்ட் வாடையை இந்த சென்சார் அறியாது என்பதால் சதுர மீட்டருக்கு 0.3 லிட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

மெயின் டக்டையும் பழைய அளவிலேயே விடச் சொன்னேன். அதே டக்டில் முக்கால் பங்கு காற்று போனால் ஃபேன் இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட 42 சதவீதமாக இறங்கிவிடும். தகடு மிச்சம் என்று டக்டைச் சுருக்கினால் அந்த லாபம் போச்சு.

அப்புறம் சௌகரியம். காற்றின் அளவு குறையும்போது, கூரையிலிருந்து காற்றை விடும் சாதாரண டிஃப்யூசரில் குளிர்காற்று பரவாமல் நேராகத் தலையில் விழும். குறைந்த ஓட்டத்திலும் கூரையை ஒட்டிப் பரவும் டிஃப்யூசரை அந்த ரூம்களுக்கு மட்டும் கேட்டேன்.

எனக்கு உண்மையான கவலை சென்சார்தான். பல சென்சார்கள் சில நாட்களில் தாங்கள் கண்ட மிகக் குறைந்த அளவையே வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு தம்மைத் திருத்திக்கொள்ளும். இரவும் பகலும் ஆள் இருக்கும் இடத்தில் அது தவறு. நாளடைவில் குறைத்துக் காட்டும், டேம்பர் மூடும், உள்ளே இருப்பவர்களுக்குத் தலை கனக்கும். ரூம் நிறைந்து அரை மணி ஆகியும் திரையில் 500 என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். சென்சார் கதவருகிலோ காற்று விழும் இடத்திலோ இருந்தாலும் இப்படித்தான் காட்டும். சரிபார்த்த கையடக்க மீட்டரை மேசை நடுவில் வைத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய ஆள் இல்லையென்றால் 1600 லிட்டர் திட்டத்தையே வைத்துக்கொள்ளுங்கள் என்று குறிப்பின் முதல் பக்கத்திலேயே எழுதினேன்.